டிடிஎஸ் மீட்டர் காட்டும் எண்ணை உங்கள் கிணற்றுத் தண்ணீருக்குப் பொருந்த வைப்பது எப்படி

முந்நூறு, நானூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பேனா வடிவ டிடிஎஸ் மீட்டர் இன்று கொங்குப் பகுதியில் பல வீடுகளில் இருக்கிறது. போர் தண்ணீரில் அதை முக்குகிறோம், 1130 என்று காட்டுகிறது. அதே தண்ணீரை ஆய்வகத்துக்குக் கொடுத்தால் 1340 என்று அறிக்கை வருகிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் தன் மீட்டரை விட்டுப் பார்த்தால் 1580. மூன்றில் எது பொய் என்று கேட்டால், மூன்றுமே பொய்யில்லை. ஒரே தண்ணீரைப் பற்றிய மூன்று வெவ்வேறு கணக்குகள் அவை. அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது, உங்கள் கையிலிருக்கும் மீட்டரின் எண்ணை உங்கள் கிணற்றுக்கு ஏற்ப எப்படித் திருத்துவது என்பதை வரிசையாகப் பார்க்கலாம்.

மீட்டர் அளப்பது உப்பை அல்ல

மீட்டரின் அடியில் இரண்டு உலோக முள்கள் இருக்கும். அவற்றுக்கிடையே சிறிய மாறுமின்னோட்டம் தண்ணீர் வழியாகப் போகிறது. எவ்வளவு எளிதாகப் போகிறது என்பதுதான் மீட்டருக்குத் தெரியும் ஒரே விஷயம். அதுதான் மின்கடத்துதிறன், பேச்சு வழக்கில் இசி. அலகு மைக்ரோசீமென்ஸ், திரையில் µS/cm என்று இருக்கும். வேளாண் ஆய்வக அறிக்கைகளில் dS/m அல்லது mS/cm என்று போட்டிருந்தால் பயப்பட வேண்டாம். அவை இரண்டும் ஒன்றுதான், 1000-ஆல் பெருக்கினால் µS/cm வந்துவிடும்.

டிடிஎஸ் என்பது வேறு. ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லாவற்றின் எடை, மில்லிகிராமில். ஆய்வகத்தில் முறையாக எடுப்பதென்றால், தண்ணீரை வடிகட்டி, அளந்து, கிண்ணத்தில் சுண்டவைத்து, 180 டிகிரி சூட்டில் காயவைத்து, மிஞ்சியதை நுண்தராசில் நிறுப்பார்கள். அரை நாள் வேலை. கை மீட்டர் இந்த வேலை எதையும் செய்வதில்லை. இசியை அளந்து, உள்ளே பதிந்து வைத்திருக்கும் ஒரு எண்ணால் பெருக்கி, ppm என்று போட்டுக் காட்டுகிறது. நம் தண்ணீரில் ppm என்பதும் லிட்டருக்கு மில்லிகிராம் என்பதும் ஒன்றென்றே எடுத்துக்கொள்ளலாம்.

```
TDS (mg/L) = k × EC (µS/cm, 25 °C)
```

எல்லாச் சிக்கலும் இந்த k-யில்தான் இருக்கிறது. மலிவான மீட்டர்களில் பெரும்பாலும் 0.5. சிலவற்றில் 0.7. பாசன நீருக்கான பழைய கணக்குகளிலும் பல ஆய்வகங்களிலும் 0.64. மீட்டர் செய்தவருக்கு உங்கள் தண்ணீரில் என்ன உப்பு இருக்கிறது என்று தெரியாது. 0.5 என்பது கிட்டத்தட்ட சமையல் உப்புக் கரைசலுக்கான எண். அதாவது, உங்கள் கிணற்றில் இருப்பது வெறும் சமையல் உப்பு மட்டுமே என்று அந்த மீட்டர் முடிவு கட்டிவிட்டது.

k ஏன் தண்ணீருக்குத் தண்ணீர் மாறுகிறது

தண்ணீரில் கரைந்த உப்பு அயனிகளாகப் பிரிகிறது. மின்சாரத்தைச் சுமந்து போவது அவைதான். ஆனால் எல்லா அயனியும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை, எல்லாம் ஒரே எடையும் இல்லை. குளோரைடு காலி வண்டி மாதிரி, எடை குறைவு, ஓட்டம் அதிகம். பைகார்பனேட் பார வண்டி, எடையும் அதிகம், நகர்வதும் மெதுவாக. ஆகவே, ஒரே எடை உப்பு இரண்டு தண்ணீரில் இருந்தாலும், குளோரைடு மிகுந்த தண்ணீர் அதிக இசி காட்டும். பைகார்பனேட் மிகுந்தது குறைவாகக் காட்டும்.

தனித்தனி உப்புகளை நல்ல நீரில் கரைத்துப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். சமையல் உப்புக்கு k ஏறத்தாழ 0.49. சோடியம் சல்பேட்டுக்கு, அதாவது சாயத் தொழிலில் புழங்கும் கிளாபர் உப்புக்கு, 0.63. மெக்னீசியம் சல்பேட்டுக்கு 0.71. சமையல் சோடாவுக்கு 0.9-க்கும் மேல். உப்பின் எடை ஒன்றுதான், மீட்டரின் கண்ணுக்குத்தான் வேறு.

நம் பகுதிக்கு இது ஏட்டுக் கணக்கில்லை. பல்லடம், காங்கேயம், தாராபுரம் பக்கம் சுக்கான்கல் படிந்த நிலத்தில் தோண்டிய கிணற்றில் கால்சியமும் பைகார்பனேட்டும் தூக்கலாக இருக்கும். கெட்டிலில் வெள்ளைப் படலம் கட்டுவது அதனால்தான். நொய்யல் கரையில் முன்பு சாயக்கழிவு இறங்கிய இடங்களில் குளோரைடும் சல்பேட்டும் சோடியமும் மேலோங்கும். இரண்டு கிணற்றிலும் மீட்டர் 1200 என்று காட்டினால், இரண்டிலும் ஒரே அளவு உப்பு என்று சொல்லிவிட முடியாது.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. ஆய்வகத்தில் சுண்டவைக்கும்போது பைகார்பனேட் அப்படியே மிஞ்சுவதில்லை. சூட்டில் கார்பனேட்டாக மாறி, கரியமில வாயுவையும் நீராவியையும் விட்டுவிடுகிறது. அதன் எடையில் ஏறக்குறைய பாதி காற்றோடு போய்விடும். அதனால், சுக்கான்கல் தண்ணீருக்கு k அதிகமாக இருக்க வேண்டும் என்று எண்ணினால், ஆய்வக எடை அந்த எண்ணத்தைக் கொஞ்சம் கீழே இழுத்துவிடும். அயனிகளைத் தனித்தனியே அளந்து கூட்டினால் ஒரு டிடிஎஸ், சுண்டவைத்து நிறுத்தால் அதைவிடக் குறைந்த டிடிஎஸ்.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு மில்லிகிராமில் கால்சியம் 120, மெக்னீசியம் 73, சோடியம் 253, பொட்டாசியம் 8, குளோரைடு 390, சல்பேட் 192, நைட்ரேட் 62, சிலிக்கா 30, பைகார்பனேட் 427 உள்ள ஒரு போர் தண்ணீர். கடினத்தன்மை ஏறக்குறைய 600. இப்படிப்பட்ட தண்ணீரின் இசி 2250 பக்கம் வரும். எல்லாவற்றையும் அப்படியே கூட்டினால் 1555. பைகார்பனேட்டைப் பாதியாக்கி, அதாவது 210 என்று வைத்துக் கூட்டினால் சுமார் 1340. இதுதான் சுண்டவைத்து நிறுத்தால் வரும் எடை. இசியால் வகுத்தால் k = 0.6. இதே தண்ணீரில் 0.5 மீட்டர் 1125 காட்டும், பத்துப் பத்தாகக் காட்டும் திரையில் 1130. 0.7 மீட்டர் 1575 காட்டும், திரையில் 1580. தொடக்கத்தில் சொன்ன மூன்று எண்களும் இங்கிருந்துதான் வந்தன.

முதல் வேலை: உங்கள் மீட்டரின் k-யைக் கண்டுபிடியுங்கள்

மீட்டரில் இசி, டிடிஎஸ் இரண்டும் காட்டும் பொத்தான் இருந்தால் வேலை ஒரு நிமிடம். ஒரே கோப்பைத் தண்ணீரில் இரண்டையும் பார்த்து, ppm எண்ணை µS எண்ணால் வகுங்கள். 0.5 அல்லது அதை ஒட்டி வந்தால் அதுதான் k.

ppm மட்டும் காட்டும் மீட்டர் என்றால் ஒரு உப்புக் கரைசல் செய்ய வேண்டும். பேட்டரிக்கு ஊற்றும் வாலை வடிநீர் இரண்டு லிட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் மீட்டரை அதில் விட்டுப் பாருங்கள், ஐந்துக்குள் இருக்க வேண்டும். முப்பது, நாற்பது காட்டினால் அந்தக் கேன் சரியில்லை, வேறு வாங்குங்கள்.

சமையலறைத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. ஒரு கிராம் உப்பை அதில் நிறுத்தால் தவறு பெரிதாகிவிடும். அதனால் சுற்றி வரலாம். உலர்ந்த தூள் உப்பு 50 கிராம் நிறுத்து, வடிநீரில் கரைத்து, மொத்தம் சரியாக ஒரு லிட்டராக்குங்கள். ஒரு லிட்டர் வடிநீரில் 50 கிராம் போடுவது வேறு, கரைத்த பின் ஒரு லிட்டராக நிரப்புவது வேறு. இரண்டாவதுதான் வேண்டும். இந்தக் கரைசலிலிருந்து 10 மில்லி ஊசி மருந்துச் சிரிஞ்சால் இரண்டு முறை எடுத்து, அந்த 20 மில்லியை இன்னொரு பாத்திரத்தில் விட்டு, வடிநீர் சேர்த்து ஒரு லிட்டராக்குங்கள். இப்போது கையில் இருப்பது லிட்டருக்கு 1000 மில்லிகிராம் உப்புக் கரைசல். 25 டிகிரியில் இதன் இசி 2000 பக்கம்.

மீட்டர் 1000-ஐ ஒட்டிக் காட்டினால் அதன் k 0.5. 1280-ஐ ஒட்டிக் காட்டினால் 0.64. 1400-ஐ ஒட்டிக் காட்டினால் 0.7. வீட்டுத் தராசு, சிரிஞ்சு, உப்பிலிருக்கும் ஈரம் எல்லாம் சேர்ந்து நூற்றுக்கு ஐந்து வரை முன்னே பின்னே போகலாம். 850 மாதிரி எதிலும் ஒட்டாத எண் வந்தால் முள்ளில் அழுக்கு, பேட்டரி தளர்வு, அளவில் தவறு என்ற மூன்றில் ஒன்று. முள்ளைக் கழுவி, பேட்டரியை மாற்றி, மறுபடி பாருங்கள்.

கொஞ்சம் செலவு செய்யத் தயாரென்றால் 1413 µS/cm என்று எழுதிய பொட்டாசியம் குளோரைடு அளவுதிருத்தக் கரைசல் ஆய்வகப் பொருள் கடைகளில் கிடைக்கிறது. அதில் 0.5 மீட்டர் 707 பக்கம் காட்ட வேண்டும். புட்டியில் மீட்டரை நேராக விடாமல் சிறு கோப்பையில் ஊற்றிப் பார்த்துவிட்டு, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். திரும்பப் புட்டியில் ஊற்றினால் புட்டி முழுக்க வீணாகும்.

சில மீட்டர்களின் பின்பக்கம் சிறு திருகு இருக்கும். அதைத் திருகி ஆய்வக டிடிஎஸ் எண்ணுக்குக் கொண்டுவந்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். அப்படிச் செய்தால் அந்த ஒரு கிணற்றுக்கு மட்டும் சரியாக இருக்கும், ஆர்ஓ தண்ணீருக்கும் பக்கத்துக் கிணற்றுக்கும் தவறாகும். ஆறு மாதம் கழித்து எதற்காகத் திருகினோம் என்பதும் மறந்துபோகும். திருகு உப்புக் கரைசலுக்குத்தான். கிணற்றின் k தாளில் இருக்கட்டும்.

தண்ணீர் எடுப்பதும் மீட்டரை விடுவதும்

மோட்டாரைப் போட்டவுடன் வருவது குழாயில் நின்ற தண்ணீர். பத்து நிமிடமாவது ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள். தொட்டியிலிருந்து எடுத்தால் அது தொட்டித் தண்ணீரின் கணக்கு. வெயிலில் ஆவியாகி உப்பு ஏறியிருக்கலாம், மழைநீர் விழுந்து இறங்கியும் இருக்கலாம். கோப்பையை அதே தண்ணீரால் மூன்று முறை அலசுங்கள். சோப்புப் பிசுபிசுப்பு மிஞ்சினால் அதுவும் எண்ணில் ஏறும்.

மீட்டரைக் குறியிட்ட கோட்டுக்கு மேல் முக்காதீர்கள். விட்டதும் இரண்டு முறை லேசாகக் கலக்கித் தட்டுங்கள், முள்ளுக்கிடையில் காற்றுக் குமிழி நின்றால் எண் குறைவாக வரும். முள் கோப்பையின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் இருக்க வேண்டும். அரை நிமிடம் பொறுத்து, எண் ஓடாமல் நின்ற பிறகு குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு பொறி. பல மலிவு மீட்டர்களில் 999-ஐத் தாண்டினால் திரையில் மூன்று இலக்கம் மட்டும் வந்து, ஓரத்தில் ×10 என்று சிறிதாக மின்னும். 113 என்று பார்த்து "நம்ம போர் தண்ணி சிறுவாணிக்கு நிகர்" என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. அது 1130. நாக்கு உவர்க்கிறது என்று சொல்லும்போது மீட்டர் 113 சொன்னால் நாக்கை நம்புங்கள்.

வெப்பம் அடுத்தது. தண்ணீர் ஒரு டிகிரி சூடேறினால் இசி நூற்றுக்கு இரண்டு போல் ஏறுகிறது. ஆழ்துளைத் தண்ணீர் 32 டிகிரியில் வந்தால், வெப்பத் திருத்தம் இல்லாத மீட்டர் 14 சதவீதம் கூட்டிக் காட்டும். அப்படிப்பட்ட மீட்டருக்குக் கணக்கு இது:

```
EC25 = EC / (1 + 0.02 × (T − 25))
2565 / (1 + 0.02 × 7) = 2250
```

மீட்டரில் ATC என்று எழுதியிருந்தால் இந்தத் திருத்தத்தை அதுவே செய்வதாகச் சொல்கிறது. சொல்வது உண்மையா என்று சோதிக்கலாம். உப்புக் கரைசலை இரண்டாகப் பிரித்து ஒன்றைக் குளிர்பெட்டியில் வைத்து 15 டிகிரி பக்கம் கொண்டுவாருங்கள், மற்றதை அறை வெப்பத்தில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் மீட்டரை ஒரு நிமிடம் விட்டு வையுங்கள், உள்ளே இருக்கும் வெப்ப உணரி தண்ணீரின் சூட்டுக்கு வர நேரம் பிடிக்கும். இரண்டு எண்ணும் இரண்டு மூன்று சதவீதத்துக்குள் இருந்தால் திருத்தம் வேலை செய்கிறது. இருபது சதவீதம் விலகினால் எழுத்து மட்டும்தான் இருக்கிறது. எப்படியானாலும் தண்ணீரை நிழலில் கால் மணி நேரம் ஆறவைத்து அளப்பது நல்லது. சிரமம் இல்லாத பழக்கம், பாதித் தவறு அதிலேயே போய்விடும்.

கிணற்றுக்கான k: ஆய்வகத்திலிருந்து ஒரு முறை

கிணற்றின் k-யை மீட்டரால் கண்டுபிடிக்க முடியாது. ஒரு முறையாவது ஆய்வகம் வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் குடிநீர் சோதனை செய்கிறார்கள். பாசன நீருக்கு வேளாண்மைத் துறையின் மண், நீர் பரிசோதனை நிலையங்களும் கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் உண்டு. இரண்டு லிட்டர் புதிய குடிநீர்ப் புட்டியை அதே தண்ணீரால் அலசி, விளிம்பு வரை நிரப்பி, அன்றே கொடுங்கள். நிரப்பும் அதே நேரத்தில் உங்கள் மீட்டர் எண்ணையும் குறித்து வையுங்கள். இதை மறந்தால் பாதிப் பயன் போய்விடும்.

கொடுக்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: டிடிஎஸ் சுண்டவைத்து நிறுப்பதா, இசியிலிருந்து கணக்கிடுவதா? பல இடங்களில் இசியை அளந்து 0.64 அல்லது 0.7-ஆல் பெருக்கியே எழுதுவார்கள். தவறென்று சொல்ல முடியாது, ஆனால் நமக்கு வேண்டிய k அதில் கிடைக்காது. அறிக்கை வந்ததும் நீங்களே கண்டுபிடிக்கலாம். டிடிஎஸ்ஸை இசியால் வகுத்தால் 0.640 அல்லது 0.700 என்று அச்சடித்ததுபோல் வந்தால், அது நிறுத்த எடை அல்ல. 0.596, 0.618 என்று உதிரியாக வந்தால் நிறுத்திருக்கிறார்கள் என்று நம்பலாம். கணக்கிட்டதுதான் கிடைக்கிறது என்றால், அயனிகள் எல்லாவற்றையும் அளந்த அறிக்கை வாங்கி, மேலே செய்தபடி பைகார்பனேட்டைப் பாதியாக்கிக் கூட்டிக்கொள்ளலாம். அறிக்கையில் பைகார்பனேட்டுக்குப் பதில் கால்சியம் கார்பனேட் கணக்கில் காரத்தன்மை போட்டிருந்தால், அதை 0.6-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள், பாதியாக்கும் வேலையும் அதிலேயே முடிந்துவிடும். நம் மாதிரித் தண்ணீரில் காரத்தன்மை 350, பெருக்கினால் 210. மேலே வந்த அதே எண்தான்.

முழுக் கணக்கு ஒன்று

மாதிரித் தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். மீட்டர் 113 ×10, அதாவது 1130. மீட்டரின் k 0.5. முதலில் அதன் பெருக்கலைக் கழற்றி இசிக்குப் போக வேண்டும்: 1130 ÷ 0.5 = 2260. ஆய்வகம் சொன்ன இசி 2250. பத்தே வித்தியாசம், மீட்டர் நன்றாகவே அளக்கிறது. குறை அதன் பெருக்கலில்தான். ஆய்வக டிடிஎஸ் 1340, ஆகவே கிணற்றின் k 0.6.

சித்திரையில் மறுபடி பார்க்கிறீர்கள், மீட்டர் 142 ×10 காட்டுகிறது. 1420-ஐ 0.5-ஆல் வகுத்தால் இசி 2840. 0.6-ஆல் பெருக்கினால் டிடிஎஸ் சுமார் 1700. குடிநீருக்கான இந்தியத் தரம் IS 10500 (2012) டிடிஎஸ்ஸுக்கு 500 வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. 0.7 மீட்டர் வைத்திருப்பவர் இதே தண்ணீரில் 1990 பார்த்து, எல்லையைத் தொட்டுவிட்டோம் என்று கலங்குவார். 0.5 மீட்டர்க்காரர் 1420 என்று நிம்மதியாக இருப்பார். 1700 இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

கிணற்றின் k நிரந்தரம் என்று நினைத்துவிடக் கூடாது. கீழ்பவானி வாய்க்காலிலோ பிஏபி வாய்க்காலிலோ தண்ணீர் விட்டால், பக்கத்துக் கிணறுகளில் கசிவு ஏறி உப்பு இறங்கும். அப்போது உப்பின் அளவோடு கலவையும் மாறுகிறது. கோடையில் ஒரு முறை, வாய்க்கால் தண்ணீரோ ஐப்பசி மழையோ இறங்கிய பிறகு ஒரு முறை என இரண்டு ஆய்வக அறிக்கை வாங்கி, இரண்டு k-யும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் சராசரியை வைத்துக்கொள்ளலாம். 0.55, 0.68 என்று விலகினால் பருவத்துக்கு ஒன்றாகத் தனியே எழுதி வையுங்கள்.

பாசனத்துக்கு மட்டும் பார்ப்பவர்கள் இந்த மாற்றலையே விட்டுவிடலாம். பயிருக்கான வரம்புகள் இசியிலேயே வகுக்கப்பட்டவை. உலக உணவு வேளாண் அமைப்பின் வழிகாட்டலில் 700 µS/cm-க்குக் கீழே உப்பால் தொல்லையில்லை, 3000-க்கு மேலே கடும் கட்டுப்பாடு வேண்டும். ppm-ஐ k-யால் வகுத்து இசிக்குப் போய் நில்லுங்கள். ஆனால் அந்த இசி கால்சியத்தால் வந்ததா சோடியத்தால் வந்ததா என்று மீட்டர் சொல்லாது. சோடியம் மிகுந்தால் மண் இறுகித் தண்ணீர் இறங்காமல் போகும். அதற்கு ஆய்வக அறிக்கைதான் வழி.

மீட்டரின் கண்ணுக்குப் படாதவை

மின்சாரத்தைச் சுமக்காத எதையும் இது பார்க்காது. ஒரு வாளித் தண்ணீரில் ஒரு பிடி யூரியாவைக் கரைத்தால் மீட்டர் அநேகமாக அசையாது. யூரியா அயனியாகப் பிரிவதில்லை. சொட்டுநீரில் உரம் விடுபவர்கள் மீட்டரை வைத்து யூரியா அளவு பார்க்க நினைத்தால் ஏமாறுவார்கள். பொட்டாஷ் கரைத்தாலோ எண் துள்ளும். கிருமி, பூச்சிக்கொல்லி, எண்ணெய் எதுவும் தெரியாது.

சுமப்பவற்றிலும் அளவு குறைந்தவை மறைந்துபோகும். சேலம், தருமபுரிப் பக்கம் பல்லில் கறை ஏற்றும் ஃபுளோரைடுக்கு வரம்பு 1.5 மில்லிகிராம். 1340-இல் ஒன்றரை கூடினாலும் குறைந்தாலும் மீட்டருக்குத் தெரிய வழியே இல்லை. நல்ல மீட்டரின் இரண்டு சதவீதத் தவறே 27 மில்லிகிராம். ஆர்ஓ தண்ணீரில் 40 காட்டுகிறது என்பதால் அது பாதுகாப்பானது என்றும் ஆகாது. கிருமி கலந்த மழைநீரும் 40 காட்டும்.

விற்பனைக்கு வருபவர்கள் இரண்டு கோப்பையில் கம்பியை விட்டு மின்சாரம் பாய்ச்சி, ஒரு கோப்பை பழுப்பாகத் திரிவதைக் காட்டுவார்கள். அந்தப் பழுப்பு பெரும்பாலும் இரும்புக் கம்பி கரைந்த துரு. நல்ல ஊற்றுநீரில் செய்தாலும் பழுப்பாகும், உப்பு மிகக் குறைந்த ஆர்ஓ நீரில் மின்சாரம் அதிகம் பாயாததால் ஆகாது. அது டிடிஎஸ் சோதனை அல்ல.

அதிக உப்பிலும் முள்ளில் சுண்ணாம்பு ஏறும்போதும்

5000, 6000 இசிக்கு மேல் மலிவு மீட்டரின் இரட்டை முள் திணறும். முள்ளின் மேற்பரப்பிலேயே மின்னூட்டம் தேங்கி, எண் குறைவாக வரும். அப்படிப்பட்ட தண்ணீரில் ஒரு பங்குக்கு நான்கு பங்கு வடிநீர் சேர்த்து அளந்து, ஐந்தால் பெருக்குங்கள். பெருக்கி வரும் இசி நேராக அளப்பதைவிடச் சற்று அதிகமாக இருக்கும். உப்பு நெருங்கி இருக்கும்போது அயனிகள் ஒன்றையொன்று இழுத்து மெதுவாக ஓடுகின்றன, நீர்த்ததும் விடுபட்டு ஓடுகின்றன. டிடிஎஸ் பார்க்க வேண்டுமானால் நீர்த்த எண்ணே மேல்.

சுக்கான்கல் தண்ணீரில் அடிக்கடி விட்டால் முள்ளில் சுண்ணாம்பு படலம் கட்டும். அதன் அடையாளம், அதே தண்ணீரில் மாதாமாதம் எண் இறங்கிக்கொண்டே வருவது. தண்ணீர் நல்லதாகிறது என்று எண்ணிவிடாதீர்கள். உப்புக் கரைசலிலும் எண் இறங்கியிருந்தால் குற்றம் முள்ளில். எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ பத்து நிமிடம் ஊறவைத்து, மெல்லிய துணியால் தொட்டு, வடிநீரில் அலசுங்கள். கத்தியால் சுரண்டினால் முள்ளின் அளவும் இடைவெளியும் மாறி, எல்லா எண்ணும் பிசகிவிடும். ஒவ்வொரு முறை அளந்த பிறகும் வடிநீரில் ஒரு முக்கு முக்கி உதறி மூடி வைத்தால் படலம் சேர்வதே குறையும்.

மோட்டார் அறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டுங்கள். நாள், மோட்டார் எத்தனை நிமிடம் ஓடியது, தண்ணீரின் வெப்பம், மீட்டர் எண், ×10 மின்னியதா, அன்று உப்புக் கரைசலில் மீட்டர் காட்டியது என்ன என்று ஆறு கட்டம் போதும். தலைப்பில் இரண்டு எண்கள் எழுதுங்கள்: மீட்டரின் k, கிணற்றின் k.